மாண்டரின் உரையைத் தமிழில் சொல்வது: குறிப்பு, நினைவு, எண்கள்

பேசுபவர் ஒன்றரை நிமிடம் மாண்டரினில் பேசிவிட்டு நிறுத்துவார். அவர் சொன்னதை நீங்கள் தமிழில் சொல்வீர்கள். அப்புறம் அவர் தொடர்வார். இதற்குத் தொடர் மொழிபெயர்ப்பு என்று பெயர். மாண்டரின் கேட்டால் ஓரளவு புரியும், ஆனால் எழுந்து நின்று மொழிபெயர்த்ததில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரே ஒரு சிறிய உரையை எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை அதையே செய்து பார்ப்போம்.

பயிற்சிக்காக நானே எழுதிய உரை இது. ஒரு மின்விசிறி ஆலையின் மேலாளர், ஆலையைப் பார்க்க வந்தவர்களிடம் பேசுகிறார். எண்களை மட்டும் மாண்டரினில் கேட்கும் வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

"எங்கள் ஆலை 2008இல் தொடங்கியது. அப்போது இடம் முப்பது மூ, தொழிலாளர்கள் இருநூற்று லிங் ஐந்து பேர். 2019இல் நூற்று லிங் ஒன்பது வான் விசிறிகள் செய்தோம். அதன்பின் புதிய பட்டறை வந்ததால் உற்பத்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு கூடி, சென்ற ஆண்டு முந்நூற்று இருபத்தேழு வான் ஐந்து ஆனது. விற்பனை இரண்டு யீ ஆறு யுவான். ஆனால் மூலப்பொருள் விலை மூன்று ச்செங் ஏறிவிட்டது. அதனால் இந்த ஆண்டு புதிதாக ஆள் எடுக்கப் போவதில்லை. இருக்கிற இயந்திரங்களைப் புதுப்பிக்கப் போகிறோம்."

முதலில் பேனாவைக் கீழே வையுங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதல் நொடியிலிருந்தே எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். கை எழுதும்போது காது பாதிதான் கேட்கும். அதனால் முதல் சுற்றில் குறிப்பே வேண்டாம். உரையை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், அல்லது கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். முடிந்ததும் தமிழில் சொல்லிப் பாருங்கள்.

கேட்கும்போது மனதில் ஒரே கேள்வி ஓட வேண்டும்: இவர் இப்போது எதற்காக இதைச் சொல்கிறார்? நம் உரையில் இதற்கு நான்கு பதில்கள் இருக்கின்றன. தொடக்கம் இப்படி இருந்தது, பிறகு வளர்ந்தோம், இப்போது ஒரு சிக்கல், அதனால் இந்த முடிவு. இந்த நான்கு படிகள் மனதில் நின்றால் பேச்சின் எலும்புக்கூடு கையில் இருக்கிறது.

படிகள் மாறும் இடத்தை மாண்டரினே காட்டிக்கொடுக்கும். 'யின்வெய்' என்று கேட்டால் காரணம் வருகிறது, பின்னால் பெரும்பாலும் 'ஸ்வோயி' என்று விளைவு வரும். 'ஸ்வெய்ரான்' என்று தொடங்கினால் எங்கோ ஒரு 'தான்ஷ்ர்', அதாவது 'ஆனால்', காத்திருக்கிறது. இந்தச் சொற்களைப் பிடித்துவிட்டால் நடுவில் ஒரு பெயர்ச்சொல் தவறினாலும் கருத்து கவிழாது.

குறிப்பில்லாமல் சொன்ன பிறகு, எது விட்டுப்போனது என்று பாருங்கள். கதை நினைவில் இருக்கும். எண்கள் போயிருக்கும், பெயர்கள் போயிருக்கும், பட்டியலில் ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கும். நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது அவற்றைத்தான்.

குறிப்பேடு

மேல்பக்கம் சுருள்கம்பி போட்ட சிறிய ஏடு நல்லது. நின்றபடியே ஒரு கையில் பிடித்து எழுதலாம், தாளைச் சட்டென்று மேலே புரட்டலாம். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டுக் கோடு போடுங்கள். அந்த ஓரம் 'ஆனால்', 'அதனால்', 'ஏன்' போன்ற இணைப்புச் சொற்களுக்கு மட்டும். ஒவ்வொரு கருத்தும் முடிந்ததும் குறுக்கே ஒரு கோடு. நம் உரைக்கு என் குறிப்பு இப்படி இருக்கும்:

```
        2008 ஆலை
        30 மூ
        205 ஆள்
-------------------
        2019: 109 வா
ஏன்     புது பட்டறை
        ↑ ~ +2 மட
        செ.ஆ: 327 வா 5
        விற்: 2 யீ 6 யு
-------------------
ஆனால்   மூலப்பொருள் ↑ 3 செ
-------------------
அதனால்  இ.ஆ: ஆள் ✗
        இயந்திரம் புது
```

முழு வாக்கியம் ஒன்றுகூட இதில் இல்லை. எந்த மொழியில் எழுதுவது என்று பலர் கேட்பார்கள். கைக்கு எது சீக்கிரம் வருகிறதோ அதுதான். மனிதனைக் குறிக்கும் சீன எழுத்துக்கு இரண்டே கோடுகள் போதும், அதனால் 'ஆள்' என்று எழுதும் இடத்தில் நான் பெரும்பாலும் அதையே போடுவேன். ஆனால் எதிர்மறையை மட்டும் எப்போதும் பெரிதாக, ஒரே குறியால் எழுதுங்கள். 'ஆள் எடுக்கிறோம்', 'ஆள் எடுக்கவில்லை' இரண்டுக்கும் நடுவில் மாண்டரினில் ஒரே ஓர் அசைதான் இருக்கிறது.

எண்கள்

இந்த வேலையில் மிக அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

தமிழில் ஆயிரத்துக்கு மேலே லட்சம், அதற்கு மேலே கோடி. மாண்டரினில் ஆயிரத்துக்கு மேலே வான், அதாவது பத்தாயிரம். அதற்கு மேலே யீ, அதாவது பத்தாயிரம் வான். நடுவில் இருப்பவற்றை 'பத்து வான்', 'நூறு வான்', 'ஆயிரம் வான்' என்றே சொல்வார்கள். இரண்டு அடையாளங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: பத்து வான் ஒரு லட்சம், ஆயிரம் வான் ஒரு கோடி. மற்றதெல்லாம் இதிலிருந்து வந்துவிடும்.

```
வான் ÷ 10 = லட்சம்
யீ × 10 = கோடி
```

தமிழுக்கு மாற்றுபவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: எந்த எண்ணானாலும் புள்ளியை ஒரே ஓர் இடம் நகர்த்தினால் போதும். 109 வான் என்றால் 10.9 லட்சம், அதாவது பத்து லட்சத்துத் தொண்ணூறாயிரம். 2.6 யீ என்றால் 26 கோடி. பத்து வானுக்குக் குறைந்தால் லட்சம் வராது, ஆயிரத்தில் சொல்லுங்கள்: நான்கு வான் என்றால் நாற்பதாயிரம்.

இனி முக்கியமான விதி. கேட்கும்போது மாற்றாதீர்கள். காதில் விழுந்த எண்ணையும் அதன் அலகையும் அப்படியே எழுதுங்கள்: '327 வா 5'. மாற்றுவது பேசும்போதுதான். ஆரம்பத்தில் நான் கேட்டுக்கொண்டே லட்சமாக மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கூட்டத்தில் எண் சரியாகத்தான் வந்தது. ஆனால் மனம் கணக்கில் இருந்த அந்த இரண்டு நொடியில் பேசியவர் சொன்ன 'இல்லை' காதில் விழவே இல்லை. நான் சொன்ன வாக்கியம் நேர் எதிராகப் போய்விட்டது. அன்றிலிருந்து இந்த விதியை மீறியதில்லை.

அடுத்து, வால் எண். '327 வான் ஐந்து' என்பதில் அந்த ஐந்து வெறும் ஐந்து அல்ல. அலகு சொல்லாமல் கடைசியில் ஓர் எண் நின்றால், அது முன்னால் வந்த அலகுக்கு அடுத்த கீழ்ப்படியைச் சேர்ந்தது. வானுக்குக் கீழே ஆயிரம், ஆகவே ஐயாயிரம். மொத்தம் 32,75,000: முப்பத்திரண்டு லட்சத்து எழுபத்தையாயிரம். அதேபோல 'இரண்டு யீ ஆறு' என்பது 2.6 யீ. நடுவில் 'லிங்', அதாவது பூஜ்யம், வந்தால் கதை வேறு. 'இருநூற்று லிங் ஐந்து' என்றால் 205. அந்த லிங் இல்லாமல் 'இருநூறு ஐந்து' என்று கேட்டால் 250. அதனால் லிங் காதில் விழுந்த உடனே தாளில் பூஜ்யத்தைப் போட்டுவிடுங்கள்.

நான்கையும் பத்தையும் பிரித்துக் கேட்பதும் பழக வேண்டிய ஒன்று. தெற்குச் சீனத்தவர் பலரின் பேச்சில் 'ஸ', 'ஷ' இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். அப்போது சுரம்தான் துணை: நான்கு என்னும்போது குரல் கீழே விழும், பத்து என்னும்போது மேலே ஏறும்.

மடங்கு இன்னொரு பள்ளம். 'ட்ஸெங்ஜியா ல' என்றால் 'இவ்வளவு கூடியது'. 'ட்ஸெங்ஜியா தாவ்' என்றால் 'கூடி இவ்வளவு ஆனது'. நம் மேலாளர் சொன்னது முதலாவது. இரண்டு மடங்கு கூடினால், பழையதோடு சேர்த்து மொத்தம் மூன்று மடங்கு. தமிழில் 'இரண்டு மடங்கானது' என்று சொல்லிவிட்டால் தவறு. இங்கே சரிபார்க்க வழி இருக்கிறது: 109ஐ மூன்றால் பெருக்கினால் 327. ஆனால் மாண்டரின் பேசுபவர்களே இந்த இரண்டையும் சில நேரம் மாற்றிச் சொல்லிவிடுவார்கள். ஒப்பிட வேறு எண் இல்லையென்றால் பேசியவரிடமே கேட்டுவிடுங்கள்.

மூன்று ச்செங் என்பது பத்தில் மூன்று, அதாவது 30 சதவீதம். மூ என்பது நில அளவு. பதினைந்து மூ ஒரு ஹெக்டேர், ஆகவே முப்பது மூ இரண்டு ஹெக்டேர், ஏறக்குறைய ஐந்து ஏக்கர். பின்னங்களில் நமக்குச் சிரமமே இல்லை: மாண்டரினிலும் தமிழைப் போலவே 'மூன்றில் இரண்டு' என்றுதான் வரிசை.

கடைசியாக, எண் நம்பும்படி இருக்கிறதா என்று ஒரு நொடி பாருங்கள். 26 கோடி யுவானை 32.75 லட்சம் விசிறிகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 80 யுவானுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒரு விசிறிக்கு அது பொருந்துகிறது. 2.6 கோடி என்று தவறாக எடுத்திருந்தால் ஒரு விசிறி எட்டு யுவான் ஆகியிருக்கும், அங்கேயே சந்தேகம் வந்துவிடும்.

இனி பேசுங்கள்

அவர் நிறுத்தியதும் குறிப்பின் முதல் பகுதியைப் பார்த்துக்கொண்டு, தலையை நிமிர்த்திப் பேசுங்கள். மேலாளர் 'நாங்கள்' என்றால் நீங்களும் 'நாங்கள்' என்றே சொல்ல வேண்டும். மாண்டரினில் வினைச்சொல் நடுவிலேயே வந்துவிடும், தமிழில் கடைசியில்தான் வரும். அதனால் வாக்கியத்தைத் தொடங்கும் முன்பே அது எந்த வினையில் முடியும் என்று தெரிந்திருக்க வேண்டும். நீளமாகப் போகும் என்று தோன்றினால் இரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள்.

"எங்கள் ஆலையை 2008இல் இரண்டு ஹெக்டேர் இடத்தில், 205 தொழிலாளர்களுடன் தொடங்கினோம். 2019இல் பத்து லட்சத்துத் தொண்ணூறாயிரம் விசிறிகள் செய்தோம். அதன்பின் புதிய பட்டறை வந்ததால், உற்பத்தி ஏறக்குறைய மூன்று மடங்காகி, சென்ற ஆண்டு முப்பத்திரண்டு லட்சத்து எழுபத்தையாயிரத்தை எட்டியது. விற்பனை 26 கோடி யுவான். ஆனால் மூலப்பொருள் விலை 30 சதவீதம் ஏறிவிட்டது. அதனால் இந்த ஆண்டு புதிதாக ஆள் எடுக்கப் போவதில்லை, இருக்கிற இயந்திரங்களைப் புதுப்பிக்கப் போகிறோம்."

ஒரு பகுதியைச் சொல்லி முடித்ததும் குறிப்பில் அதன்மேல் சாய்வாக ஒரு கோடு போட்டு அடித்துவிடுங்கள். அடுத்த முறை கண் பழைய எண்ணில் போய் நிற்காது.

எண் ஒன்று சரியாக விழவில்லையென்றால், பேசத் தொடங்கும் முன்பே அவரிடம் மாண்டரினில் கேளுங்கள்: "விற்பனை இரண்டு யீ ஆறுதானே?" அலகையும் சேர்த்துக் கேட்டால் ஒரு தலையசைப்பில் பதில் வந்துவிடும். கேட்க வாய்ப்பே இல்லாத இடத்தில், உறுதியாகத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்லலாம்: 'இருபது கோடிக்கு மேல்'. தவறான எண்ணைச் சொல்லிவிட்டது பிறகு தெரியவந்தால், அடுத்த முறை வாய் திறக்கும்போது முதல் வாக்கியமே திருத்தமாக இருக்கட்டும்: "சற்றுமுன் விற்பனை 2.6 கோடி என்று சொன்னேன், அது 26 கோடி."