ஒரே தொடர், இரண்டு ஓட்டநேரம்: பிஏஎல், என்டிஎஸ்சி பதிப்புகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் படச்சுருளில் எடுக்கப்பட்ட தொடர் ஒன்றின் ஒரே அத்தியாயம், அமெரிக்க டிவிடியில் 44 நிமிடம் 30 விநாடியும் ஐரோப்பிய டிவிடியில் 42 நிமிடம் 41 விநாடியும் ஓடுவதைக் காணும் ரசிகர்கள், ஏறத்தாழ இரண்டு நிமிடக் காட்சிகள் வெட்டப்பட்டுவிட்டன என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தத் துறையில் மிகப் பரவலாக நிகழும் தவறு இதுதான். பெரும்பாலான நேரங்களில் ஒரு பிரேம்கூடக் குறைந்திருக்காது. படம் வேகமாக ஓடியிருக்கும், அவ்வளவே.

காரணம் மின்சாரத்தில் தொடங்குகிறது. தொலைக்காட்சி வகுக்கப்பட்ட காலத்தில், திரையில் படம் புதுப்பிக்கப்படும் வேகத்தை அந்தந்த நாட்டு மின்னோட்டத்தின் அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும்படி அமைத்தார்கள். ஐரோப்பாவில் அது 50 ஹெர்ட்ஸ். எனவே பிஏஎல் முறையில் விநாடிக்கு, ஒன்றுவிட்ட வரிகளை மட்டும் கொண்ட அரைப்படங்களான 50 ஃபீல்டுகள், அதாவது 25 முழு பிரேம்கள். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். 1953-இல் வண்ணம் சேர்க்கப்பட்டபோது அந்த வேகம் மிகச் சிறிதளவு குறைக்கப்பட்டதால், என்டிஎஸ்சி முறை விநாடிக்கு 59.94 ஃபீல்டுகளில் நின்றது. திரைப்படக் கேமராவோ இரண்டுக்கும் பொருந்தாமல் விநாடிக்கு 24 பிரேம்கள் எடுத்தது.

இந்தப் பொருந்தாமையை இரு பகுதிகளும் வெவ்வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டன. அமெரிக்காவில் படத்தின் ஒரு பிரேமை இரண்டு ஃபீல்டுகளாகவும் அடுத்த பிரேமை மூன்று ஃபீல்டுகளாகவும் மாறி மாறி நிரப்பினார்கள், படம் 23.976 என்ற, காதுக்கும் கண்ணுக்கும் புலப்படாத அளவு குறைந்த வேகத்தில் ஓடியது, ஓட்டநேரம் மாறவில்லை, ஆனால் கேமரா சீராக நகரும் காட்சிகளில் மெல்லிய திணறல் புகுந்தது. ஐரோப்பாவில் 24-க்கும் 25-க்கும் இடையிலான வித்தியாசம் சிறியது என்பதால், படத்தையே 25 பிரேம் வேகத்தில் ஓட்டிவிட்டார்கள். அசைவு சீராக இருந்தது. விலையாக ஓட்டநேரம் சுமார் 4 விழுக்காடு சுருங்கியது, ஒலியின் சுருதி ஓர் அரைச்சுரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு உயர்ந்தது. முதற்பதிப்பின் இசையை நன்கு அறிந்தவர், தொடரின் முகப்பிசை சற்றே மேலே இருப்பதைக் கேட்டவுடனே உணர்ந்துவிடுவார்.

வெட்டுதானா, வேகமாற்றம்தானா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்தே அறியலாம். இரு பதிப்புகளிலும் ஒரே காட்சிமாற்றங்கள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, அவை எந்த நேரத்தில் வருகின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கப் பதிப்பில் 10-ஆவது நிமிடத்தில் வரும் காட்சிமாற்றம், வேகமாற்றம் பெற்ற பதிப்பில் 9 நிமிடம் 35 விநாடியில் வரும். 20-ஆவது நிமிடத்தில் உள்ளது 19 நிமிடம் 11 விநாடியிலும், 40-ஆவது நிமிடத்தில் உள்ளது 38 நிமிடம் 22 விநாடியிலும் வரும். வித்தியாசம் சீராக வளர்ந்துகொண்டே போனால் அது வேகமாற்றம். வளர்ச்சி ஓரிடத்தில் மட்டும் திடீரென்று தாவினால், அந்த இடத்தில்தான் காட்சி நீக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றாகவே நிகழ்ந்திருக்கவும் கூடும். மறுஒளிபரப்புக்காக விளம்பர நேரத்தைக் கூட்ட வெட்டப்பட்ட பிரதியே வெளிநாட்டுக்கும் போயிருந்தால், சீரான வளர்ச்சியின் நடுவே தாவல்கள் தென்படும். ஆகவே 4 விழுக்காட்டுக்கு மேற்பட்ட குறைவு முழுவதையும் வேகத்தின் கணக்கில் எழுதிவிடுவதும் தவறே.

அடுத்த தவறு, இந்த விதியை எல்லாத் தொடர்களுக்கும் பொருத்திப் பார்ப்பது. தொடக்கத்திலிருந்தே வீடியோ கேமராவில் எடுக்கப்பட்ட தொடர்களுக்கு 24 பிரேம் என்ற அடித்தளமே கிடையாது. அவற்றை ஒரு முறையிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது, ஓட்டநேரத்தைத் தொடாமல், இல்லாத ஃபீல்டுகளை அண்டை ஃபீல்டுகளைக் கலந்து உருவாக்கினார்கள். எனவே கடிகாரம் எதையும் காட்டிக்கொடுக்காது, படம்தான் காட்டிக்கொடுக்கும். நடிகர் கையை வீசும் காட்சியில் படத்தை நிறுத்தி, ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பாருங்கள். கையின் அருகே வெளிறிய இன்னொரு கை நிழல்போலத் தெரிந்தால், அது கலந்து மாற்றப்பட்ட பிரதி. ஐந்து பிரேம்களில் மூன்று தெளிவாகவும் இரண்டில் விளிம்புகள் சீப்புப் பற்களைப்போலப் பிரிந்தும் தெரிந்தால், அது அமெரிக்க முறையில் ஃபீல்டுகள் நிரப்பப்பட்ட படச்சுருள். எல்லா பிரேம்களும் தெளிவாக இருந்து ஓட்டநேரம் குறைந்திருந்தால், அது வேகம் கூட்டப்பட்ட பிரதி. ஒரு தொடரின் வரலாற்றை அட்டையில் அச்சிட்ட விவரங்களைவிட இந்தச் சோதனை நம்பகமாகச் சொல்லிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

படச்சுருளில் எடுக்கப்பட்டது என்பதாலேயே ஐரோப்பியப் பதிப்பு தெளிவாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் ஏமாற்றத்தில் முடியலாம். பிஏஎல் டிவிடியில் 576 வரிகளும் என்டிஎஸ்சி டிவிடியில் 480 வரிகளும் உள்ளன என்பது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் வரிகள், மூலத்தை மீண்டும் படச்சுருளிலிருந்து எடுத்தால்தான் பயன்படும். 1987-இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ 35 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்டாலும், படத்தொகுப்பும் காட்சி விளைவுகளின் இணைப்பும் என்டிஎஸ்சி வீடியோ நாடாவிலேயே முடிக்கப்பட்டன. முழுமையான அத்தியாயம் என்பது அந்த என்டிஎஸ்சி நாடாவாக மட்டுமே இருந்தது. அதனால்தான் 2012-இல் புளூ-ரே வெளிவந்தபோது, மூல நெகட்டிவ்களைத் தேடி எடுத்து, ஒவ்வொரு அத்தியாயத்தையும் மீண்டும் தொகுத்து, காட்சி விளைவுகளையும் புதிதாக இணைக்க வேண்டியிருந்தது.

கடைசியாக, வேகம் கூட்டப்பட்ட பதிப்பைத் திருத்த முனைவோர் ஒலியில் செய்யும் தவறு. பலர் FFmpeg மென்பொருளில் ஓட்டநேரத்தை மட்டும் நீட்டும் வடிகட்டியைப் பயன்படுத்துகிறார்கள்:

```
atempo=0.95904
```

இது நேரத்தைச் சரிசெய்யும். ஆனால் சுருதியை மாற்றாது என்பதே இதன் வேலை என்பதால், உயர்ந்த குரல் உயர்ந்தபடியே நிற்கும். சுருதியும் சேர்ந்து இறங்க வேண்டுமானால், 48000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு இதைப் பயன்படுத்த வேண்டும்:

```
asetrate=46034,aresample=48000
```

இதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடாது. சில வெளியீட்டாளர்கள் வேகத்தைக் கூட்டியபோதே சுருதியை மட்டும் பழைய நிலைக்கு இறக்கியிருப்பார்கள். அத்தகைய பிரதியில் இரண்டாவது வடிகட்டி குரலை இயல்புக்குக் கீழே தள்ளிவிடும், முதல் வடிகட்டிதான் சரியானது. அமெரிக்கப் பதிப்பின் முகப்பிசையோடு வைத்துக் கேட்டால், எது நடந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். வசனவரிக் கோப்பையும் அதே விகிதத்தில் நீட்ட வேண்டும். தொடக்கத்தில் சில விநாடிகள் தள்ளிவைத்தால் முதல் காட்சிக்குப் பொருந்தி, போகப்போக மீண்டும் விலகிவிடும். ஃபீல்டுகளைக் கலந்து மாற்றப்பட்ட பிரதிக்கு இவை எதுவுமே உதவாது: அதன் வேகம் முதலிலேயே சரியாக இருக்கிறது, பிரேமுக்குள் கலந்துவிட்ட இரட்டை உருவத்தை வேகமாற்றத்தால் பிரித்தெடுக்க முடியாது.