கொள்கை ஆவணத்தைச் சுருக்குறப்போ "லாம்"ங்கிறதை "ம்" ஆக்கிராதீங்க

போன மாசம் எங்க பள்ளிக்கு வந்து ரெண்டு வருஷம்தான் ஆன ஒரு டீச்சர், எஸ்.எம்.சிங்கிற பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல பெத்தவங்களுக்குக் குடுக்க ஒரு பக்கச் சுருக்கம் தயார் பண்ணிட்டு வந்து காட்டுச்சு. 2025 ஆகஸ்ட் 8-ம் தேதி வெளியான தமிழ்நாடு மாநிலக் கல்விக் கொள்கையப் பத்தினது. கையெழுத்து அழகு, தமிழும் அழகு. ஆனா "பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது", "குழந்தைய அடிக்கக் கூடாது", "படிச்சதப் புரிஞ்சு சொல்ற திறன் வளர்க்கப்படும்"னு மூணும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ஒரே எடையில நிக்குது. முதலாவது கொள்கையில அறிவிச்ச முடிவு, அதுக்கு ஜி.ஓ, அதாவது அரசாணை வேணும். ரெண்டாவது 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 17-ம் பிரிவு, மீறுனா நடவடிக்கை வரும். மூணாவது ஒரு இலக்கு, அதை வச்சு யாரும் யாரையும் கேள்வி கேக்க முடியாது. படிக்கிற அம்மாவுக்கு இது எதுவும் தெரியாதுல்ல. பாத்ததும் எனக்கு 2019 ஞாபகம் வந்துருச்சு, அதான் இதை எழுதுறேன். எழுத்துப்பிழை, ஆண்டு மாத்தி எழுதுறது இதெல்லாம் நீங்களே பாத்துக்குவீங்க, அதை விட்டுர்றேன்.

"லாம்"ங்கிறது "ம்" ஆகுறது

கல்வி உரிமைச் சட்டத்தோட 16-ம் பிரிவு முதல்ல எட்டாவது வரைக்கும் யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. 2019-ல அதைத் திருத்துனாங்க. திருத்துன பிரிவ மெதுவா படிச்சா நாலு விஷயம் இருக்கு, நாலுக்கும் நாலு விதமான பலம். அஞ்சாவது, எட்டாவது முடிவுல தேர்வு நடக்கணும், இது கட்டாயம். தேறாத பிள்ளைக்குத் தனியா சொல்லிக்குடுத்து, ரிசல்ட் வந்த ரெண்டு மாசத்துக்குள்ள மறுதேர்வு வைக்கணும், இதுவும் கட்டாயம். அதுலயும் தேறலைன்னா நிறுத்தி வைக்க அரசு அனுமதி குடுக்கலாம், வேண்டாம்னும் முடிவு பண்ணலாம், இது "லாம்". கடைசியா, எட்டாவது முடியிற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் பள்ளிய விட்டு வெளிய அனுப்பக் கூடாது, இது மறுபடியும் கட்டாயம்.

நான் என்ன பண்ணுனேன்? 2019 செப்டம்பர்ல தமிழ்நாட்டுல அஞ்சாவதுக்கும் எட்டாவதுக்கும் பொதுத்தேர்வுன்னு அரசாணை வந்தப்ப, உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊர்ல வேலை பாத்துட்டு இருந்தேன். சட்டத்தை இங்கிலீஷ்ல படிச்சு, நானே தமிழ்ல எழுதி, கூட்டத்துல படிச்சும் காட்டுனேன். "தேறாத மாணவர்கள் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கப்படுவர்"னு எழுதியிருந்தேன். நிறுத்தி வைக்க அனுமதிக்கலாம்னு இருந்ததை நிறுத்தி வைக்கப்படுவர்னு மாத்துனது என் பேனாதான். இதுல இன்னும் என்னைய உறுத்துறது என்னன்னா, முதல் மூணு வருஷத்துக்கு யாரையும் நிறுத்தி வைக்கப் போறதில்லைன்னு அப்பவே அரசு சொல்லியிருந்துச்சு, நான் தலைப்பப் படிச்சு பதறி அந்த விஷயத்தைச் சுருக்கத்துல சேக்கவே இல்ல.

கூட்டத்துக்கு ஒரு அப்பத்தா வந்திருந்துச்சு. பேத்தி அஞ்சாவது, வாசிப்பு கொஞ்சம் மெதுவா வரும். அப்பா அம்மா திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை, பிள்ளை அப்பத்தாகிட்ட. "அப்ப பெயிலாப் போனா இன்னொரு வருசம் இதே வகுப்பா சார்? அது வரைக்கும் நான் இருக்கணுமேய்யா"ன்னு கேட்டுச்சு. நான் "சட்டம் அப்படித்தாம்மா சொல்லுது"ன்னேன். பொங்கலுக்கு வந்த அப்பா, பிள்ளையக் கையோட கூட்டிட்டுப் போயிட்டாரு. 2020 பிப்ரவரி 4-ம் தேதி அந்தப் பொதுத்தேர்வையே ரத்து பண்ணிட்டாங்க. நான் போன் போட்டுச் சொன்னேன், "அடுத்த மாசம் கொண்டாந்து விடுறோம் சார்"னாங்க, அந்த அடுத்த மாசம் கொரோனாவுக்கு எல்லாப் பள்ளியும் மூடிட்டாங்க. மாணவர் விவரத்தை ஆன்லைன்ல பதியிற எமிஸ்ல, பள்ளிய விட்டுப் போன பிள்ளைங்க பேரு இருக்குற காமன் பூல்ல அந்தப் பேரு கெடந்ததை ரொம்ப நாள் பாத்துட்டே இருந்தேன், வேற எந்தப் பள்ளியும் எடுக்கல.

அதனால மொழிபெயர்க்கிறப்ப வினைமுற்ற மட்டும் தனியா ஒருவாட்டி சரி பாருங்க. "வேண்டும்", "கூடாது" வந்தா விதி. "லாம்" வந்தா யாரோ ஒருத்தர் இனிமேதான் முடிவு பண்ணணும், அந்த யாருங்கிறதையும் சேத்து எழுதணும். இது சட்டத்துக்கு. கொள்கை ஆவணத்துல "செய்யப்படும்"னு எவ்வளவு உறுதியா எழுதியிருந்தாலும் அது நோக்கம்தான். 2020 தேசியக் கல்விக் கொள்கையில மூணு, அஞ்சு, எட்டாம் வகுப்புக்குத் தேர்வு நடக்கும்னு போட்டிருக்கு, அதை மட்டும் வச்சு ஒரு பள்ளி கூட பரீட்சை நடத்திற முடியாது. அதே கொள்கையில அஞ்சாவது வரைக்கும் தாய்மொழியிலங்கிற இடத்துல "சாத்தியமான இடங்களிலெல்லாம்"னு முன்னாடியே ஒரு வார்த்தை நிக்கும், சுருக்கத்துல முதல்ல காணாமப் போறது அதுதான்.

ஜி.ஓ-ல முன்னுரையப் படிச்சுட்டு ஆணைன்னு நினைக்கிறது

ஜி.ஓ-வ எடுத்தா மேல சுருக்கம், துறை, எண், தேதி, அப்புறம் "படிக்க"ன்னு பழைய கடிதங்களோட பட்டியல், அதுக்குக் கீழ "ஆணை"ன்னு இருக்கும். "ஆணை"க்குக் கீழ வர்ற எல்லாமே ஆணை இல்லைங்க. முதல் சில பத்தியில இயக்குநர் என்ன கேட்டாரு, எவ்வளவு பணம் கேட்டாருன்னு கதை ஓடும். அவரு கேட்டது எல்லாத்தையும் அரசு குடுத்திருக்கணும்னு இல்ல. "அரசு கவனமாகப் பரிசீலித்து", "அரசு ஆணையிடுகிறது"ங்கிற மாதிரி வர்ற கடைசிப் பத்திகள்லதான் விஷயம் இருக்கு. கேட்டது பத்து, கிடைச்சது ஏழுன்னு இருக்குற ஜி.ஓ-வப் பாத்து பத்துன்னு எழுதி ஒட்டுனவங்கள எனக்குத் தெரியும்.

யாருக்குப் பொருந்தும்னு போடாம அனுப்புறது

2024 டிசம்பர்ல மத்திய அரசு விதியத் திருத்தி, அஞ்சாவது எட்டாவதுல மறுதேர்வுலயும் தேறலைன்னா நிறுத்தி வைக்கிறதுன்னு கொண்டு வந்துச்சு. ஒரே நாள்ல எங்க ஏரியா வாட்ஸப் எல்லாம் அதான். இங்க பாக்க வேண்டியது சட்டத்துல "உரிய அரசு"ங்கிறது யாருன்னுதான். மத்திய அரசு நடத்துற பள்ளிக்கு மத்திய அரசு, மத்தப் பள்ளிக்கெல்லாம் மாநில அரசு. அப்ப அந்த விதி நரிமேடு கேந்திரிய வித்யாலயாவுக்குப் பொருந்தும். ஒத்தக்கடைப் பக்கம் இருக்குற அரசுப் பள்ளிக்குப் பொருந்தாது. தனியார் சி.பி.எஸ்.இ பள்ளி? நிறைய பேரு தப்பு பண்றது இங்கதான். பாடத்திட்டம் சி.பி.எஸ்.இ-யா இருந்தா மத்திய அரசுப் பள்ளி ஆயிடாது, இந்தச் சட்டத்துக்கு அதுவும் மாநில அரசுக்குக் கீழதான். தமிழ்நாட்டுல பழைய முறையே தொடரும்னு அப்பவே கல்வி அமைச்சர் அறிவிச்சாரு.

செய்தித்தாள் கட்டிங்க வச்சு எழுதுறது

பேட்டி ஜி.ஓ ஆகாது.

தேதி போடாம விடுறது

2019 செப்டம்பர் சுருக்கமும் 2020 பிப்ரவரி சுருக்கமும் தேதி இல்லாம ஒரே குரூப்ல சுத்துச்சு. போடுங்க.

ரெண்டு கலர்

அந்த டீச்சர்கிட்ட ஒரே ஒரு மாத்தம்தான் சொன்னேன். நீல மையில விதி, பக்கத்துலயே சட்டப்பிரிவு இல்லன்னா ஜி.ஓ எண்ணும் தேதியும். எண் கிடைக்காத வரி எதுவா இருந்தாலும் பச்சையில, "அரசு செய்ய நினைக்கிறது"ங்கிற தலைப்புக்குக் கீழ. மறுநாள் கொண்டாந்துச்சு. பதினாலு வரியில நீலம் அஞ்சுதான் இருந்துச்சு, "பிளஸ் ஒன்"னுக்கு நேரா பென்சில்ல "ஜி.ஓ எண் பாக்கணும்"னு எழுதி வச்சிருந்துச்சு. பாத்து எண்ணப் போட்டதுக்கு அப்புறம்தான் ஜெராக்ஸுக்குக் குடுத்தோம்.