மியூசிக்கல் சேர்: பாட்டுக்குப் பதில் கொடி

மியூசிக்கல் சேரில் எல்லாமே பாட்டு நிற்கும் நொடியில்தான் இருக்கிறது. செவித்திறன் குறைந்த குழந்தைக்கு அந்த நொடி பிடிபடாது. மற்றவர்கள் உட்காருவதைப் பார்த்துத்தான் அது உட்காரும். அதற்குள் நாற்காலி போயிருக்கும். ஒலியைக் கூட்டி வைப்பதாலும் பெரிய பயனில்லை. காதொலிக் கருவி பாட்டோடு கூச்சலையும் நாற்காலி உராயும் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். அதனால் சைகையையே மாற்றுங்கள், வகுப்பில் எல்லாருக்கும்.

10 பிள்ளைகளுக்கு 9 நாற்காலி, 2 குச்சி, கைக்குட்டையைவிடப் பெரிய 2 சிவப்புத் துணி போதும். சுவர் சிவப்பாக இருந்தால் மஞ்சள் துணி எடுங்கள்.

1. வட்டம். நாற்காலிகளின் முதுகு உள்பக்கம் இருக்கும்படி, ஒரு சாண் இடைவெளி விட்டு வட்டமாகப் போடுங்கள். நீங்கள் நடுவில் நில்லுங்கள். வெளியே நின்றால், சுற்றி நடக்கும் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு நீங்கள் முதுகுப்பக்கம் போய்விடுவீர்கள். நடுவில் நின்றால் எல்லாருக்கும் கொடி பக்கவாட்டில் ஒரே தூரத்தில் இருக்கும். அசைவைக் கடைக்கண்ணே பிடித்துவிடும்.

2. விதி. சொல்வதோடு நிறுத்தாமல், மூன்று பிள்ளைகளை வைத்து ஒரு சுற்று ஆடிக் காட்டுங்கள். அப்போது வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உதட்டசைவு தெரியாது. நடந்துகொண்டிருக்கும் பிள்ளைகளிடம் விதி சொல்லாதீர்கள்.

3. ஆட்டம். இரு கொடிகளும் தலைக்கு மேலே இருந்தால் நடக்க வேண்டும், இறங்கினால் உட்கார வேண்டும். ஒரே வீச்சில் இறக்குங்கள். மெதுவாக இறக்கினால் எப்போது இறங்கியது என்று சண்டை வரும். நேரத்தை 5 முதல் 20 நொடி வரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

பாட்டு வேண்டுமென்றால் ஓடட்டும், ஆனால் எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் நிறுத்த வேண்டும். கொடியும் பாட்டும் ஒன்றாக நின்றாலும், மனிதர்கள் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பதற்குச் சற்று வேகமாக அசைவார்கள். கேட்கும் பிள்ளைகளே முந்துவார்கள்.

4. அவுட் ஆனவர். அடுத்த சுற்றுக்குக் கொடி அவர் கையில். செவித்திறன் குறைந்த குழந்தையையே எப்போதும் கொடி பிடிக்க விடும் வழக்கம் பல வகுப்புகளில் உண்டு. அது ஆட்டத்திலிருந்து அந்தக் குழந்தையை ஒதுக்குவதுதான்.

5. சோதனை. குழந்தை கொடியைப் பார்க்கிறதா, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்கிறதா? ஒரு பிள்ளையிடம் முன்பே சொல்லி, கொடி மேலே இருக்கும்போதே உட்காரச் சொல்லுங்கள். இந்தக் குழந்தையும் உடனே உட்கார்ந்தால், பார்த்துச் செய்கிறது என்று பொருள். வட்டத்தில் ஒரே இடத்தில் மட்டும் தாமதித்தால் அங்கே வெளிச்சம் கண்ணில் அடிக்கலாம், திரையை இழுத்துவிடுங்கள். எல்லா இடத்திலும் தாமதித்தால் விதி புரியவில்லை, இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

விளையாட்டு என்று காதொலிக் கருவியைக் கழற்றி வைக்க வேண்டாம். சட்டையோடு இணைக்கும் கிளிப் கயிறு போட்டால் நழுவினாலும் தரையில் விழாது. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் அறுவை சிகிச்சை செய்து வைக்கும் காக்ளியர் கருவி பொருத்திய குழந்தை ஆடினால், தலையில் அடிபடாமல் இருக்க நாற்காலிக்குத் தள்ளுமுள்ளு செய்பவர் அவுட் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.