ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியத்தை 'விச்' போட்டு ஒன்றாக்கும்போது, இரண்டாவது வாக்கியத்தின் 'இட்' எங்கே போகும்?

வாளையாரில் படிக்கும் பிள்ளையின் ஒர்க்‌ஷீட்டில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: 'தி பஸ் இஸ் லேட். இட் கோஸ் டு பாலக்காடு.' முதலில் இரண்டாவது வாக்கியத்தில் பஸ்ஸைக் குறிக்கும் 'இட்'டை அடிக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் 'விச்' எழுதி, அந்தத் துண்டை அப்படியே 'பஸ்'ஸுக்குப் பின்னால் செருகினால் விடை வந்துவிடும்: 'தி பஸ் விச் கோஸ் டு பாலக்காடு இஸ் லேட்.'

பெரும்பாலும் மார்க் போவது 'விச் இட் கோஸ்' என்று எழுதுவதால்தான். 'விச்' வந்ததே 'இட்'டுக்குப் பதிலாக; இரண்டும் சேர்ந்து நிற்காது. துண்டைக் கடைசியில் ஒட்டுவதும் தப்பு. தமிழில் 'பாலக்காடு போகிற பஸ்' என்று பெயருக்கு முன்னால் வரும், ஆங்கிலத்தில் பெயரை ஒட்டிப் பின்னால் வரும்.

ஆளுக்கு 'ஹூ', பொருளுக்கும் விலங்குக்கும் 'விச்'. 'தட்' இரண்டுக்கும் பொருந்தும், ஆனால் கமாவுக்குப் பின் வராது. 'பாலக்காடு, விச் இஸ் இன் கேரளா, இஸ் ஹாட்' என்பதில் ஊர்ப்பெயரே எந்த ஊர் என்று சொல்லிவிட்டது. மீதி கூடுதல் தகவல், அதனால்தான் கமா. அங்கே 'தட்' போட்டால் தப்பு.