உள்ளீடு நின்ற பிறகும் ஓயாத வடிகட்டி: ஃபிக்ஸட்-பாயிண்ட் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துருவங்கள் எல்லாம் அலகு வட்டத்துக்குள் இருக்கின்றன, ஆகவே வடிகட்டி நிலையானது என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போவதுதான் பின்னூட்ட வடிகட்டிகளை முழு எண் கணக்கில் அமைப்பவர்கள் முதலில் செய்யும் தவறு. அந்தத் தேற்றம் நேரியல் அமைப்புக்கு உரியது. பெருக்கிய விடையின் கடைசி பிட்களை வெட்டும்போதும், கூட்டுத்தொகை பதிவேட்டின் அளவைத் தாண்டும்போதும் அமைப்பு நேரியல் தன்மையை இழந்துவிடுகிறது. வெட்டுவதால் வருவது லிமிட் சைக்கிள். அது பெரும்பாலும் சில எல்.எஸ்.பி., அதாவது கடைசி பிட்டின் மதிப்பைப் போலச் சில மடங்கு, அளவிலேயே இருக்கும். தாண்டுவதால் வருவது ஓவர்ஃப்ளோ அலைவு. அது ஏறக்குறைய முழு வீச்சுக்கு ஆடும். இரண்டையும் ஒரே நோயாக எண்ணி ஒரே மருந்தைத் தேடுவதால்தான் பல நாள்கள் வீணாகின்றன.

எளிய முதல்படி வடிகட்டியிலிருந்து தொடங்குவோம்: `y[n] = 0.9·y[n-1] + x[n]`. பின்னத்தை 32768-ஆல் பெருக்கி முழு எண்ணாக வைக்கும் கியூ15 வடிவில் 0.9 என்பது 29491/32768 ஆகும். முதல் மாதிரியில் மட்டும் 10 என்ற உள்ளீட்டைக் கொடுத்து, அதன் பின் பூஜ்யத்தையே கொடுத்து வந்தால், மெய்யெண் கணக்கில் வெளியீடு தேய்ந்துகொண்டே போய் மறைய வேண்டும். பெருக்குத்தொகையை அருகிலுள்ள முழு எண்ணுக்கு ரவுண்டிங் செய்தால் கிடைப்பது 10, 9, 8, 7, 6, 5, 4, 4, 4… என்ற வரிசை. 4-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 3.6, அதை ரவுண்டிங் மீண்டும் 4 ஆக்கிவிடுகிறது. வடிகட்டி இழக்க வேண்டிய 0.4-ஐ ஒவ்வொரு முறையும் ரவுண்டிங்கே திருப்பிக் கொடுத்துவிடுவதால் வெளியீடு அங்கேயே நின்றுவிடுகிறது. கெழுவின் குறியை மாற்றி −0.9 என்று வைத்தால் இதே நிலை 4, −4, 4, −4 என்று மாதிரி அதிர்வெண்ணின் பாதியில் ஓயாமல் ஆடும். லிமிட் சைக்கிள் என்ற பெயர் அப்போதுதான் கண்ணுக்குப் பொருந்துகிறது.

இந்தச் சிக்கல் நிகழும் எல்லையை 1969-இல் லேலண்ட் ஜாக்சன் எளிய சூத்திரமாகக் கொடுத்தார். ரவுண்டிங் செய்யும் முதல்படி வடிகட்டியில், பின்னூட்டக் கெழு `a` என்றால், வெளியீடு சிக்கிக்கொள்ளும் எல்லையான டெட்பேண்டின் அளவு, எல்.எஸ்.பி. கணக்கில், `0.5/(1-|a|)` ஆகும். சரியாக 0.9 என்றால் விடை 5. நம் கெழு 29491/32768, அதாவது 0.9-க்கு ஒரு மயிரிழை குறைவு என்பதால் விடையும் 5-க்கு ஒரு மயிரிழை குறைந்து, வடிகட்டி 4-இல் நிற்கிறது. கையால் போட்ட கணக்கும் நிரலின் வெளியீடும் ஒரு எண் வேறுபட்டால் பதறாமல், கெழுவைக் கியூ15-க்கு மாற்றியபின் மறுபடி கணக்கிட வேண்டும். எல்.எஸ்.பி. தானே, யாருக்குத் தெரியும் என்று இதை ஒதுக்கவும் கூடாது. கெழு 0.999 என்றால் டெட்பேண்ட் 500 எல்.எஸ்.பி.; 16 பிட் ஒலியில் அது முழு வீச்சுக்கு 36 டெசிபெல் மட்டுமே கீழே இருக்கிறது.

வெட்டும் முறையில்தான் மிக நுட்பமான தவறு ஒளிந்திருக்கிறது. ரவுண்டிங்கை விட்டுவிட்டு `>> 15` என்று வலப்பக்கம் நகர்த்தினால் எண் பூஜ்யத்தை நோக்கி வெட்டப்படும் என்று பலர் நம்புகிறார்கள். இரண்டின் நிரப்பி எண்களில் அந்த நகர்த்தல் எப்போதும் கீழ்நோக்கியே வெட்டும். நேர்ம எண்களில் வேறுபாடு தெரியாது: 10 என்ற உள்ளீட்டுக்கு வெளியீடு 10, 8, 7, 6, 5, 4, 3, 2, 1, 0 என்று ஒழுங்காக இறங்கிவிடும். சோதனை வெற்றி என்று மூடிவைக்கத் தோன்றும். இப்போது −10 கொடுத்துப் பாருங்கள். அடுத்தது −9. அதன் பிறகு −9-ஐ 0.9-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய −8.1, கீழ்நோக்கி வெட்டினால் திரும்பவும் −9. வடிகட்டி −9-இலேயே நின்றுவிடுகிறது. ரவுண்டிங்கில் 4 ஆக இருந்த பிழை, ஒரு பக்கத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிவிட்டது, மறுபக்கத்தில் மறைந்துவிட்டது. நேர்மத் துடிப்பை மட்டும் கொடுத்துச் சோதிப்பவர் இதை ஒருநாளும் காணமாட்டார்.

உணரியின் அளவீட்டைச் சராசரியாக்க மைக்ரோகண்ட்ரோலர் நிரல்களில் எங்கும் காணப்படும் `avg += (x - avg) >> 4` என்ற வரியும் இதே வடிகட்டிதான். உள்ளீடு 1000-இல் நிலைத்திருக்க, சராசரி மேலிருந்து இறங்கி வந்தால் சரியாக 1000-ஐத் தொடும். கீழிருந்து ஏறி வந்தால் 985-இல் நின்றுவிடும், ஏனெனில் மீதமுள்ள வேறுபாடான 15-ஐ நான்கு இடம் நகர்த்தினால் பூஜ்யம். ஒருமுறை இப்படிப்பட்ட 15 எண் வித்தியாசத்துக்கு உணரியைக் குற்றம் சாட்டி, இரண்டு உணரிகளை நானே மாற்றியிருக்கிறேன்.

சி மொழியில் `>> 15` என்பதற்குப் பதிலாக `/ 32768` என்று எழுதினால், சி99 முதல் வகுத்தல் பூஜ்யத்தை நோக்கியே வெட்டும் என்பதால், முதல்படி வடிகட்டியில் லிமிட் சைக்கிள் முற்றிலும் நீங்கிவிடும்: அளவு ஒவ்வொரு படியிலும் குறைந்தே ஆக வேண்டும். ஆனால் இந்த உறுதியை இரண்டாம்படிக்கு அப்படியே கொண்டுபோவது இன்னொரு தவறு. முந்தைய வெளியீடுகளையே கெழுக்களால் நேராகப் பெருக்கிக் கூட்டும் நேரடி வடிவ இரண்டாம்படி வடிகட்டியில், நிலைப்பு முக்கோணத்தின், அதாவது வடிகட்டியை நிலையாக வைக்கும் கெழு மதிப்புகளின், ஒரு பகுதிக்கு மட்டுமே அந்த உறுதி செல்லும். அதைவிட நம்பகமானது, வெட்டிய மிச்சத்தை எறியாமல் அடுத்த படியில் சேர்ப்பது:

```c
int32_t acc = (int32_t)a * y + e;
y = (acc >> 15) + x;
e = acc & 0x7FFF;
```

இதில் −1-இல் சிக்கிய வடிகட்டியைக் கவனித்தால் காரணம் விளங்கும். ஒவ்வொரு படியிலும் `e` ஏறக்குறைய 0.1 எல்.எஸ்.பி. அளவு வளர்கிறது, அது 0.9-ஐத் தொட்டதும் கூட்டுத்தொகை எதிர்மத்திலிருந்து பூஜ்யத்துக்கு ஏறி, வெளியீடும் பூஜ்யமாகிறது. செலவு ஒரு கூடுதல் மாறியும் ஒரு கூட்டலும்தான்.

இனி ஓவர்ஃப்ளோ. ஈபர்ட், மேசோ, டெய்லர் மூவரும் 1969-இல் பெல் சிஸ்டம் டெக்னிக்கல் ஜர்னலில் இதை ஆராய்ந்து எழுதினர். கையால் சரிபார்க்க வசதியாக 8 பிட் எண்களை, அதாவது −128 முதல் 127 வரை, எடுத்துக்கொண்டு `y[n] = y[n-1] - 0.5·y[n-2] + x[n]` என்ற வடிகட்டியைப் பார்ப்போம். இதன் துருவங்கள் 0.5 ± 0.5j, ஆரம் 0.707. துருவங்கள் வட்டத்தின் விளிம்புக்கு அருகில்கூட இல்லை. யாரும் சந்தேகப்பட மாட்டாத, நன்கு தணிந்த வடிகட்டி.

முதல் மாதிரி 100, இரண்டாவது 40, அதன் பிறகு பூஜ்யம் என்று உள்ளீடு வைத்துக்கொள்வோம். முதல் வெளியீடு 100. இரண்டாவது 140 ஆக வேண்டும். 8 பிட்டில் அது 256 குறைந்து −116 ஆகச் சுற்றிவிடுகிறது. அடுத்தது −116 − 50 = −166; அது சுற்றி 90 ஆகிறது. பின்னர் 90 + 58 = 148, சுற்றினால் −108. பின்னப் பகுதியைக் கீழ்நோக்கி வெட்டித் தொடர்ந்தால் 103, −99, 105, −102 என்று போய், பதினான்காம் மாதிரிக்குள் 102, −103, 102, −103 என்ற நிலைக்கு வந்து, மின்சாரம் இருக்கும்வரை அங்கேயே ஆடிக்கொண்டிருக்கும். 102 + 51.5 = 153.5, வெட்டினால் 153, சுற்றினால் −103. −103 − 51 = −154; சுற்றினால் 102. ஒவ்வொரு சுற்றலும் அடுத்த சுற்றலுக்குத் தேவையான எண்ணைத் தானே தயார் செய்து தருகிறது.

இதே உள்ளீட்டை, தாண்டும் எண்ணை எல்லையிலேயே நிறுத்தும் சாச்சுரேஷன் முறையில் கொடுத்தால் 100, 127, 77, 13, −26, −33, −20, −4, 6, 8, 5, 1 என்று தணிந்து, சில சிறு ஆட்டங்களுக்குப் பின் பூஜ்யத்தில் அடங்குகிறது. ஒரே ஒரு மாதிரி 140-க்குப் பதில் 127 ஆனது, இழப்பு அவ்வளவே.

இங்கே இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நிகழ்கின்றன. இரண்டின் நிரப்பியில் இடைநிலை ஓவர்ஃப்ளோ தானாகச் சரியாகிவிடும் என்று படித்தவர், வெளியீட்டையும் சுற்றவிடுகிறார். அந்த விதி உண்மைதான்: 100 + 60 − 50 என்பதில் 160 சுற்றி −96 ஆனாலும் இறுதியில் 110 சரியாக வரும். ஆனால் இறுதி விடை எல்லைக்குள் இருந்தால் மட்டுமே அது பொருந்தும். பின்னூட்டத்துக்குப் போகும் எண்ணே தாண்டியிருந்தால் பொருந்தாது. இதைக் கண்டு பயந்தவரோ ஒவ்வொரு கூட்டலுக்கும் சாச்சுரேஷன் போடுகிறார். அப்போது 160 முதலில் 127 ஆகி, விடை 77 என்று தவறாக வருகிறது. அகலமான கூட்டுப்பதிவேட்டில் எல்லாவற்றையும் சேர்த்து முடித்த பிறகு, `y`-ஐச் சேமிக்கும் இடத்தில் ஒருமுறை மட்டும் சாச்சுரேஷன் செய்வதே முறை. இதுவும் நேரடி வடிவ இரண்டாம்படிப் பகுதிக்கே உறுதி தருகிறது. அதற்கு மேற்பட்ட படியுள்ள ஒரே நேரடி வடிவத்துக்கு அந்த உறுதி இல்லை. பெரிய வடிகட்டியை இரண்டாம்படிப் பகுதிகளாகப் பிரித்துத் தொடராக அமைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உள்ளீட்டைச் சிறிதாக்கிவிட்டால் போதும் என்பதும் அரைகுறைத் தீர்வுதான். இரண்டு பின்னூட்டக் கெழுக்களின் அளவுகளைக் கூட்டிய `|a1| + |a2|` 1-ஐவிடக் குறைவாக இருந்தால் சுற்றலால் அலைவு தொடராது. நம் வடிகட்டியில் அது 1.5. மின்சாரம் வந்தவுடன் நினைவகத்தில் பழைய குப்பை எண்கள் 102, −103 என்று இருந்தால், உள்ளீடே இல்லாமல் அலைவு தொடங்கிவிடும்.

எந்த நோய் என்று பிரித்தறிய ஒரு பிட்டைக் கூட்டிப் பார்ப்பது எளிய வழி. முழு வீச்சோடு ஒப்பிடும்போது அலைவு 6 டெசிபெல் குறைந்தால் அது லிமிட் சைக்கிள். எத்தனை பிட் கூட்டினாலும் முழு வீச்சுக்கு அருகிலேயே நின்றால் அது ஓவர்ஃப்ளோ. சோதனையையும் மிதவைப்புள்ளிக் கணக்கில் நடத்திப் பயனில்லை. வெட்டும் முறையும் சுற்றும் முறையும் சில்லில் உள்ளபடியே இருக்க வேண்டும். 8 பிட் கணக்கில் `y[n-1]`, `y[n-2]` ஆகியவற்றுக்கு மொத்தம் 65536 தொடக்க நிலைகளே இருப்பதால், பூஜ்ய உள்ளீட்டுடன் அனைத்தையும் ஓட்டி, 200 படிகளுக்குப் பின் பூஜ்யத்தில் இல்லாதவற்றைப் பட்டியலிட ஒரு நொடிகூட ஆகாது. 16 பிட்டில் அவ்வளவையும் ஓட்ட முடியாதபோது, தற்செயலான தொடக்க நிலைகளுடன் எல்லை மதிப்புகளையும் இரண்டு குறிகளிலும் சேர்த்து ஓட்டலாம். −32768-ஐ விட்டுவிடாதீர்கள், அதற்கு இணையான நேர்ம எண் 16 பிட்டில் இல்லை.