பாடத்தை மாற்றும் முன் அட்வைசருக்கு ஒரு மடல்: அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிப்பவர்களுக்கு

செமஸ்டர் தொடங்கி நாலைந்து நாளில் ஒரு பாடம் நமக்கு ஒத்துவராது என்று தெரிந்துவிடும். உள்ளூர் மாணவர் என்றால் போர்ட்டலில் 'டிராப்' பட்டனை அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். எஃப்-1 விசாவில் இருப்பவர் அப்படிச் செய்யக்கூடாது. பட்டனை அழுத்துவதற்கு முன் ஒரு மடல் எழுதி, அட்வைசரிடம் நேரம் வாங்கி, பேசி முடித்த பிறகுதான் எதையும் தொட வேண்டும். அந்த மடலை எப்படி எழுதுவது என்பதை ஓர் உதாரணத்தை வைத்தே பார்ப்போம்.

கணினி அறிவியலில் எம்.எஸ். முதல் செமஸ்டர் மாணவி ஒருவர். மூன்று பாடங்கள், ஒவ்வொன்றும் 3 கிரெடிட், மொத்தம் 9. அவருடைய பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு முழுநேரப் படிப்பு என்றால் அந்த 9 தான். வகுப்பு தொடங்கியது ஆகஸ்ட் 25, திங்கள். பாடம் மாற்றக் கடைசி நாள் செப்டம்பர் 5, வெள்ளி. மெஷின் லேர்னிங் பாடத்துக்குத் தேவையான கணிதம் தன்னிடம் போதவில்லை என்று முதல் புதன்கிழமையே அவருக்குத் தெரிந்துவிட்டது. அதை விட்டுவிட்டு டேட்டாபேஸ் பாடத்தை எடுக்க நினைக்கிறார். டேட்டாபேஸில் வகுப்பறைச் செக்‌ஷன் நிரம்பிவிட்டது, ஆன்லைன் செக்‌ஷனில்தான் இடம் இருக்கிறது.

படி 1: யாருக்கு எழுதுவது

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இதில் இரண்டு பேர் சம்பந்தப்படுகிறார்கள். ஒருவர் துறையின் அட்வைசர். எந்தப் பாடம் டிகிரிக்குக் கணக்காகும், எதை எப்போது எடுக்கலாம், நிரம்பிய செக்‌ஷனில் இடம் கேட்க யாரை அணுகுவது என்பதெல்லாம் அவர் பக்கம். இன்னொருவர் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டிஎஸ்ஓ. நம்முடைய ஐ-20, செவிஸ் பதிவு எல்லாம் அவர் கையில். முழுநேரக் கிரெடிட்டுக்குக் கீழே இறங்க அனுமதி கொடுக்க முடிந்தவர் அவர் மட்டும்தான். துறை அட்வைசர் "தாராளமாக விட்டுவிடு" என்று சொன்னாலும் குடியேற்ற விதிப்படி அது அனுமதி ஆகாது. இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

அதனால் அப்பாயின்ட்மென்ட் மடல் துறை அட்வைசருக்குப் போகட்டும். டிஎஸ்ஓவுக்குத் தனியாக நாலு வரி எழுதி, அந்த மடலையும் கீழே ஒட்டி அனுப்புங்கள்.

படி 2: எழுதுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள்

முதலில் தேதி. ரெஜிஸ்டிரார் பக்கத்தில் இருக்கும் கல்விக் காலண்டரில் ஆட்/டிராப் முடியும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் விட்டால் பொதுவாக டிரான்ஸ்கிரிப்டில் அந்தப் பாடமே இருக்காது. தாண்டிவிட்டால் 'W' என்று விழும். ஜிபிஏவை அது தொடாது, ஆனால் கட்டிய பணம் முழுசாகத் திரும்புவது கடினம். நம் மாணவிக்குப் பத்து நாள் இருப்பதுபோலத் தெரிகிறது. எண்ணிப் பார்த்தால் அவ்வளவு இல்லை: இடையில் சனி, ஞாயிறு, செப்டம்பர் முதல் திங்கள் தொழிலாளர் தினம், அலுவலகங்களுக்கு விடுமுறை. இரண்டாம் வாரம் அட்வைசர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஆகவே புதன்கிழமையே மடல் போக வேண்டும்.

இரண்டாவது, கிரெடிட் கணக்கு. இளங்கலையில் முழுநேரம் என்பது செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட். இது மத்திய அரசின் விதி. முதுகலைக்கு எவ்வளவு என்பதைப் பல்கலைக்கழகம் முடிவு செய்கிறது, பல இடங்களில் 9. வெயிட்லிஸ்டில் இருக்கும் பாடம் இந்தக் கணக்கில் சேராது.

மூன்றாவது, ஒவ்வொரு பாடமும் வகுப்பறையா ஆன்லைனா என்பது. முழுநேரக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஓர் ஆன்லைன் பாடத்தை, அதாவது 3 கிரெடிட்டைத்தான் சேர்த்துக்கொள்ள விடுகிறார்கள். வகுப்புக்கோ தேர்வுக்கோ நேரில் வரவேண்டிய கட்டாயம் இல்லாத பாடம்தான் இங்கே ஆன்லைன். நம் மாணவிக்கு ஏற்கெனவே ஒரு பாடம் ஆன்லைனில் இருக்கிறது. டேட்டாபேஸையும் ஆன்லைனில் எடுத்தால் போர்ட்டல் 9 கிரெடிட் என்றுதான் காட்டும். டிஎஸ்ஓ பார்க்கும் கணக்கிலோ வகுப்பறைப் பாடம் 3, ஆன்லைன் 3, மொத்தம் 6 தான். போர்ட்டல் இதைத் தடுக்காமல் விட்டுவிடலாம். எனவே மடலில் பாடங்களை எழுதும்போது பக்கத்தில் வகுப்பறையா ஆன்லைனா என்றும் எழுதுங்கள். நம் கண்ணுக்குப் படாதது அட்வைசர் கண்ணில் படும்.

படி 3: பொருள் வரி

அட்வைசரின் இன்பாக்ஸில் அன்றைக்கு நூறு மடல் இருக்கும். திறக்காமலேயே என்ன விஷயம், எதற்குள், யார் என்று தெரிய வேண்டும்.

```
Appointment request: course swap before Sept 5 (MS CS, ID 01234567)
```

'அர்ஜென்ட்' என்ற சொல் தேவையில்லை. தேதி அந்த வேலையைச் செய்துவிடும்.

படி 4: மடல்

மடல் ஆங்கிலத்தில்தான் போகும். என்னென்ன, எந்த வரிசையில் வர வேண்டும் என்று விளங்குவதற்காக இங்கே தமிழில் தருகிறேன்.

> வணக்கம் டாக்டர் ______,
>
> நான் கணினி அறிவியல் எம்.எஸ். முதல் செமஸ்டர் மாணவி, எஃப்-1 விசாவில் படிக்கிறேன். மெஷின் லேர்னிங் பாடத்துக்குப் பதிலாக டேட்டாபேஸ் பாடம் எடுப்பது பற்றி உங்களிடம் 20 நிமிடம் பேச விரும்புகிறேன். ஆட்/டிராப் கடைசி நாள் செப்டம்பர் 5.
>
> இப்போது பதிவு செய்திருப்பவை: அல்காரிதம் (3, வகுப்பறை), நெட்வொர்க் (3, ஆன்லைன்), மெஷின் லேர்னிங் (3, வகுப்பறை). டேட்டாபேஸில் ஆன்லைன் செக்‌ஷனில் இடம் உள்ளது, வகுப்பறைச் செக்‌ஷன் நிரம்பிவிட்டது.
>
> என் கேள்விகள் இரண்டு. மெஷின் லேர்னிங்கை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தால் பட்டம் முடிப்பது தாமதமாகுமா? வகுப்பறைச் செக்‌ஷனில் இடம் கேட்க வழி உண்டா?
>
> ஆகஸ்ட் 28 வியாழன் பிற்பகல் 2 முதல் 4 வரை, 29 வெள்ளி காலை 10 முதல் 12 வரை, செப்டம்பர் 2 செவ்வாய் காலை 9 முதல் 11 வரை எனக்கு வசதி. நேரிலும் வரலாம், ஜூமிலும் பேசலாம். உங்களிடம் பேசும்வரை எந்தப் பாடத்தையும் டிராப் செய்ய மாட்டேன்.
>
> நன்றி,
> பெயர், மாணவர் எண்

இவ்வளவு போதும். ஏன் இந்தப் பாடம் கடினம், ஊரில் எந்தக் கல்லூரியில் படித்தேன், அப்பா எவ்வளவு கடன் வாங்கினார் என்பதெல்லாம் நேரில் கேட்டால் சொல்லலாம். காரணத்தைப் பத்தி பத்தியாக எழுதினால் கேள்வி அடியில் புதைந்துவிடும். "எப்போது வேண்டுமானாலும் வருகிறேன்" என்று பணிவாக எழுதுவது நம் பழக்கம். ஆனால் அவர் காலண்டரைத் திறந்து நேரம் தேடி, உங்கள் வகுப்பு நேரம் கேட்டு இன்னொரு மடல் போடும்படி ஆகிவிடும். மூன்று நேரம் கொடுத்தால் ஒன்றைத் தேர்ந்து பதில் போடுவதோடு வேலை முடியும். 'ரெஸ்பெக்டட் சார்' வேண்டாம். அட்வைசர் பேராசிரியர் என்றால் டாக்டர் அல்லது புரொஃபசர் என்று குடும்பப் பெயரோடு தொடங்குங்கள். அலுவலக ஊழியர் என்றால் அவர் தன் மடலில் எப்படிக் கையெழுத்திடுகிறாரோ அந்தப் பெயரே போதும்.

படி 5: அனுப்புவது

பல்கலைக்கழக மடல் முகவரியிலிருந்து அனுப்புங்கள். ஜிமெயிலிலிருந்து போனால் பலர் விவரம் பேசமாட்டார்கள். மாணவர் பதிவுகளைக் காக்கும் ஃபெர்பா என்ற சட்டம் 1974 முதல் அங்கே இருக்கிறது; எழுதுபவர் மாணவர்தானா என்று உறுதியாகாமல் வாய் திறப்பது அவர்களுக்கு ஆபத்து. திருச்சியிலிருந்து அப்பா போன் போட்டு மகளின் பாடத்தைப் பற்றி விசாரித்தால் பதில் கிடைக்காததற்கும் இதே சட்டம்தான் காரணம்.

அனுப்பும் முன் அட்வைசரின் பழைய மடல் ஏதாவது இருந்தால் அதன் அடியைப் பாருங்கள். அங்கே நேரம் பதிவு செய்யும் இணைப்பு இருந்தால் அதிலேயே பதிவு செய்துவிட்டு, மேலே உள்ள மடலைக் 'காரணம்' என்ற பெட்டியில் சுருக்கிப் போடலாம். செமஸ்டருக்கு முன்பே ஊரிலிருந்து எழுதுபவர்கள் நேரத்தை அந்தப் பல்கலைக்கழகத்தின் நேரப்படியே எழுதுங்கள். நியூயார்க்குக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், நவம்பரில் கடிகாரத்தை மாற்றிய பிறகு பத்தரை.

படி 6: பதில் வராவிட்டால்

இரண்டு வேலை நாள் பொறுங்கள். பிறகு அதே மடலுக்கு 'ரிப்ளை' போட்டு ஒரு வரி எழுதுங்கள். புதிய மடல் தொடங்கினால் பழைய விவரம் பிரிந்துபோகும். தானியங்கிப் பதில் வந்தால் முழுக்கப் படியுங்கள், அவர் விடுப்பில் இருந்தால் யாரை அணுகுவது என்று அதிலேயே இருக்கும். முதல் இரண்டு வாரங்களில் பல துறைகளில் முன்பதிவு இல்லாமல் போய்ப் பார்க்கும் நேரமும் வைத்திருப்பார்கள். கடைசி நாள் நெருங்கிவிட்டது, பதில் வரவில்லை என்பதற்காகப் பாடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அனுமதியின்றி முழுநேரத்துக்குக் கீழே போனால் விசா நிலையை மீறியதாகும், டிஎஸ்ஓ அதைச் செவிஸில் தெரிவித்தாக வேண்டும். W விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம், இது அப்படியல்ல.

உண்மையிலேயே பாடத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டிய நிலை என்றால் டிஎஸ்ஓ அனுமதிக்க விதியில் இடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் தொடக்கச் சிரமம், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழகாதது, தகுதிக்குப் பொருந்தாத நிலைப் பாடத்தில் சேர்ந்தது ஆகியவை கல்விக் காரணங்கள். மதிப்பெண் குறையும் என்ற பயம் அதில் சேராது. கல்விக் காரணத்துக்கு ஒரு பட்டப்படிப்பில் ஒரு முறைதான் கிடைக்கும். அப்போதும் குறைந்தது 6 கிரெடிட் படித்தாக வேண்டும், அடுத்த செமஸ்டரில் முழுநேரத்துக்குத் திரும்ப வேண்டும். டேட்டாபேஸ் கிடைத்துவிட்டால் நம் மாணவிக்கு இந்த வாய்ப்பைச் செலவழிக்கத் தேவையில்லை.

படி 7: பேசி முடித்த பிறகு

அன்றைக்கே இரண்டு வரியில் மடல் போடுங்கள்: என்ன முடிவானது, அடுத்து நான் என்ன செய்கிறேன் என்று. வாய்ப்பேச்சு எழுத்தில் நிற்கும். நம் மாணவியின் விஷயத்தில், டேட்டாபேஸ் பேராசிரியர் வகுப்பறைச் செக்‌ஷனில் ஓர் இடத்துக்கு ஒப்புக்கொண்டார், துறை அலுவலகம் போர்ட்டலில் அனுமதியை ஏற்றியது என்று வைத்துக்கொள்வோம். இப்போதும் மெஷின் லேர்னிங்கை முதலில் விட்டுவிடக் கூடாது. போர்ட்டலில் 'ஸ்வாப்' வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். புதிய பாடம் ஏறினால் மட்டுமே பழையது இறங்கும். அது இல்லையென்றால் முதலில் சேர்த்துவிட்டு, பிறகு விடுங்கள்.

பிறகு அட்டவணையைத் திறந்து, டேட்டாபேஸ் பக்கத்தில் `Enrolled` என்று இருக்கிறதா, `Waitlisted` என்று இருக்கிறதா பாருங்கள். பிறகு அந்தப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கி டிஎஸ்ஓவுக்கு அனுப்பிவிடுங்கள். கட்டணக் கணக்கையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். கிரெடிட் மாறாவிட்டாலும் சில பாடங்களுக்குத் தனிக் கட்டணம் இருக்கும், அது சத்தமில்லாமல் அங்கே ஏறியிருக்கும்.