கேள்வி இல்லாமல் வரும் விடை: திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடி, குடியாத்தம் பக்கம் டியூஷன் எடுப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். பிள்ளைகள் ஒரு தாளை நீட்டி, "சார், சரியா இருக்கான்னு பாருங்க" என்பார்கள். கேள்வி என்ன, எத்தனை மார்க், எந்தக் குறிப்புக்கு எவ்வளவு என்பதெல்லாம் தாளில் இருக்காது.

வேலூர்ப் புரட்சி பற்றிப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய ஒன்றரைப் பக்க விடையை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் சிப்பாய்களுக்கு வந்த புதிய உடை விதிகள். நடுவில் 1806 ஜூலை 10 அன்று கோட்டையில் நடந்ததும், ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்ததும் விரிவாக. விளைவுக்குக் கடைசியில் ஒரே வரி: திப்புவின் மகன்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள்.

இதற்கு மார்க் போடுவதுதான் முதல் தவறு. எத்தனைக்கு என்றே தெரியாதபோது "அஞ்சுக்கு நாலு வரும்" என்பது வெறும் ஊகம். பிள்ளை அதை நம்பிவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, கேள்வியை நாமே கற்பனை செய்துகொள்வது. "விளைவு போதாது, இன்னும் எழுது" என்று சொல்லத் தோன்றும். கேட்டது காரணங்கள் மட்டும் என்றால் அந்த ஒரு வரிகூட அதிகம். சண்டையின் விவரமும் வேண்டியதில்லை. விளைவுகளைக் கேட்டிருந்தால் அவள் விடையே எழுதவில்லை. அதனால் இந்தக் குறிப்பை "காரணம் கேட்டிருந்தால் இப்படி, விளைவு கேட்டிருந்தால் இப்படி" என்று இரண்டாகவே எழுத வேண்டும். நீளம் பற்றிய கருத்தும் அப்படித்தான்: இரண்டு மார்க் கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் வீண்.

அதற்காக, "கேள்வியைக் கொண்டு வா, அப்புறம் பார்க்கிறேன்" என்று தாளைத் திருப்பிக் கொடுப்பதும் சரியல்ல. எந்தக் கேள்வியானாலும் தவறாகவே இருக்கும் இடங்கள் தாளில் உண்டு. "கோட்டையில் சிறையிருந்த திப்பு சிப்பாய்களைத் தூண்டினார்" என்று அவள் எழுதியிருக்கிறாள். திப்பு 1799இலேயே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்துவிட்டார்; வேலூர்க் கோட்டையில் இருந்தவர்கள் அவருடைய மகன்களும் குடும்பத்தாரும். இதை உறுதியாகத் திருத்தலாம்.

இன்னொன்று, தாளுக்குள்ளேயே இருக்கும் முரண். "புதிய தலைப்பாகை ஒன்றே காரணம்" என்கிறாள். அடுத்த வரியிலேயே சமயக் குறிகளுக்குத் தடை, தாடி மீசை பற்றிய கட்டளை என்று அடுக்குகிறாள். இவற்றில் எது அவளுடைய முடிவு என்று கேட்கலாம். தலைப்பாகை ஏன் அவ்வளவு உறுத்தியது என்பதும் விடையில் இல்லை. அதில் தோலால் செய்த சின்னம் இருந்ததையும், மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்று சிப்பாய்கள் அஞ்சியதையும் சேர்த்தால்தான் காரணம் காரணமாக நிற்கும்.

பிறகு அவளிடமே கேட்கலாம்: கேள்வியின் கடைசி இரண்டு சொற்கள் நினைவிருக்கின்றனவா? "காரணங்களைப் பட்டியலிடுக"வா, "விளைவுகளை விவரி"யா, "விளைவுகளை ஆராய்க"வா? அவை கிடைத்தாலே இரண்டாக எழுதிவைத்த குறிப்பில் பாதியை அடித்துவிடலாம். நினைவில்லை என்றால் இரண்டும் தாளிலேயே இருக்கட்டும், கேள்வி கிடைத்ததும் பொருந்தாததை அவளே அடித்துக்கொள்வாள்.